கட்டுப் பிரித்த கால்

மாவுக்கட்டை வெட்டிப் பிரித்ததும் நோயாளி முதலில் பார்ப்பது எலும்பு முறிந்த இடத்தை அல்ல, தொடையைத்தான். இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார். கட்டுக்குள் இருந்த கால் வெளுத்து, தோல் செதில் செதிலாக உரிந்து, தொடையின் முன்பக்கம் பள்ளம் விழுந்து கிடக்கும். கூட வந்தவர்கள் முகம் மாறும். "கால் செத்துப் போச்சே சார்" என்ற வார்த்தையைத் தேனிப் பக்கத்தில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்த இத்தனை வருடத்தில் நான் கேட்காத மாதமே கிடையாது.

கால் செத்துப் போவதில்லை. வேலையில்லாமல் கிடந்த தசையின் நார்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொரு நாரும் மெலிந்துவிடுகிறது, அவ்வளவுதான். தசை என்பது தினமும் கொஞ்சம் கரைந்து தினமும் கொஞ்சம் கட்டப்படுகிற பொருள். அசைவு நின்றதும் கரைவது தொடர்கிறது, கட்டும் வேலை தளர்ந்துவிடுகிறது. ஒரு வாரம் போவதற்குள்ளேயே கணக்கு இறக்கத்துக்குப் போய்விடும். அதிலும் தொடையின் முன்பக்கத் தசைக்குத்தான் அடி அதிகம். முழங்காலை நீட்டி வைத்துக் கட்டுப் போடும்போது அந்தத் தசை சுருங்கிய நிலையில் வாரக்கணக்கில் கிடக்கிறது. சுருங்கிய நிலையில் முடக்கப்பட்ட தசை, இழுபட்ட நிலையில் முடக்கப்பட்ட தசையைவிட வேகமாக மெலியும். பின்தொடை அந்த அளவுக்கு வற்றாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணுக்குத் தெரிகிற மெலிவைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அதை அந்த அறையில் யாரும் பார்ப்பதில்லை. ஆரோக்கியமான இளைஞர்களின் ஒரு காலை இரண்டு வாரம் கட்டிப்போட்டு அளந்த ஆய்வில், தொடைத் தசையின் பருமன் சுமார் 8 சதவீதம் குறைந்தது. பலமோ 20 சதவீதத்துக்கு மேல் இறங்கிவிட்டது. தசை போனதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாகப் பலம் போயிருக்கிறது. மீதிப் பலம் எங்கே போனது என்பதில்தான் எங்கள் வேலையின் முதல் மாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஒருவருடைய கதையைச் சொன்னால் தெளிவாக விளங்கும். சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து வந்த அம்மா. நாற்பத்தெட்டு வயது, 52 கிலோ எடை, நடவு, களை என்று வயல் வேலைக்குப் போகிறவர். வாய்க்கால் படியில் வழுக்கி முழங்கால் குத்த விழுந்ததில் சில்லு எலும்பில் விரிசல். எலும்பு விலகவில்லை, காலை நீட்டித் தூக்க முடிந்தது. அதனால் அறுவை சிகிச்சை வேண்டாமென்று தொடையிலிருந்து கணுக்கால் வரை கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம். கட்டோடு ஊன்றி நடக்கலாம் என்று சொல்லியிருந்தும் வீட்டில் பயந்துபோய்க் கட்டிலிலேயே படுக்க வைத்துவிட்டார்கள். கட்டுக்குள்ளேயே தொடையை இறுக்கி இறுக்கி விடலாம், அப்படிச் செய்தால் இழப்பைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இதைக் கட்டுப் போடும் அன்றே சொல்லிவிட்டால் என் மேசைக்கு வருகிறவர்களின் பாடு எவ்வளவோ குறையும்.

எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது என்று சீட்டில் எழுதி அனுப்பியிருந்தார்கள். முழங்கால் 35 டிகிரிதான் மடங்கியது. சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே மையால் கோடு போட்டு டேப் வைத்து அளந்தேன். நல்ல காலைவிட மூன்றரை சென்டிமீட்டர் குறைவு. டேப் சொல்வதை முழுதாக நம்பக் கூடாது. தசை போன இடத்தில் கொழுப்பும் நீரும் கொஞ்சம் நிற்கும், அதனால் உண்மையான இழப்பு அளவில் தெரிவதைவிட எப்போதும் கூடுதல். ஆனால் ஒரே இடத்தில், ஒரே இறுக்கத்தில், ஒரே ஆள் அளந்தால் போகப்போக ஒப்பிட உதவும்.

அடுத்த சோதனைதான் எனக்கு முக்கியம். மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, "துண்டை நசுக்குங்கம்மா" என்றேன். நல்ல காலில் தொடை கல்லாக இறுகியது. கட்டுப் பிரித்த காலில் ஒன்றுமே நடக்கவில்லை. முகத்தைச் சுளித்தார், இடுப்பைத் தூக்கினார், பாதத்தை மடக்கினார், தொடை மட்டும் தூங்கியது. "நான் அமுக்குறேன் சார், அதுதான் கேக்க மாட்டேங்குது" என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

அடிபட்ட முழங்காலுக்குள் நீர் சேர்ந்திருந்தால், மூட்டிலிருந்து போகிற சேதியைக் கேட்டுத் தண்டுவடம் தொடைத் தசைக்குப் போகும் உத்தரவைத் தடுத்துவிடுகிறது. வலியே இல்லாவிட்டாலும் இது நடக்கும். நல்ல முழங்காலுக்குள் ஊசி வழியாக உப்பு நீரைச் செலுத்திப் பார்த்த 1984ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 20, 30 மில்லி நீர் போனதுமே தொடையின் உட்பக்கத் தசை மந்தமானது. இரண்டு மேசைக்கரண்டி நீர், அவ்வளவுதான். அதனால் கட்டுப் பிரித்த காலுக்கு முதல் வைத்தியம் எடை தூக்குவது அல்ல, வீக்கத்தை இறக்குவது. காலைத் தலையணை மேல் உயர்த்தி வைப்பது, துணியில் சுற்றிய ஐஸை ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் வைப்பது, ஒரேயடியாக நடக்காமல் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது. வீக்கம் இறங்கியதா என்று பார்க்க, சில்லின் உள்பக்கப் பள்ளத்தில் கையால் மேல்நோக்கி நீவிவிட்டு வெளிப்பக்கத்திலிருந்து கீழே நீவினால், உள்ளே நீர் இருக்கும்போது உள்பக்கப் பள்ளம் மெல்ல நிறையும். இதை வீட்டாருக்கும் கற்றுக்கொடுத்துவிடுவேன். தினமும் காலையில் அவர்களே பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வேலை, நின்றுபோன உத்தரவை மறுபடி ஓட வைப்பது. நல்ல காலை முதலில் இறுக்கச் சொல்வேன், அந்த உணர்வை மனதில் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் சேர்த்து இறுக்கச் சொல்வேன். என் விரல்களைச் சில்லுக்கு மேலே உட்பக்கத் தசை மீது வைத்துக்கொள்வேன். அவருடைய கையையும் அங்கே வைக்கச் சொல்வேன். எங்கே துடிக்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்தால் மூளைக்கு வழி கிடைக்கிறது. அந்த அம்மாவுக்கு மூன்றாம் நாள் ஒரு சின்னத் துடிப்பு வந்தது. சில்லு ஒரு நூல் அளவுக்கு மேலே ஏறியது. மருமகள்தான் முதலில் பார்த்தார்.

இங்கே கரண்ட் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் பிசியோதெரபிக்கு மறுபெயரே 'கரண்ட் வைப்பது' என்றாகிவிட்டது. வலிக்கு வைக்கிற கரண்ட், மெழுகு ஒத்தடம், சூட்டு ஒத்தடம் எல்லாமே நோயாளி படுத்திருக்க, இயந்திரம் வேலை செய்கிற சமாசாரம். இவற்றில் எதுவும் தசையை வளர்க்காது. பத்து நாள் கரண்ட் வைத்தும் தொடை ஏறவில்லை என்று என்னிடம் வந்தவர்கள் பலர். அந்தப் பத்து நாளும் அவர்கள் தொடை சும்மாதான் கிடந்திருக்கிறது. ஆனால் தசையையே இறுக வைக்கிற கரண்ட் வேறு வகை. பட்டைகளைத் தொடையின் மேலும் கீழும் ஒட்டி, பத்து விநாடி இறுக்கம், ஐம்பது விநாடி ஓய்வு என்று வைப்போம். ஒரு தடவைக்குப் பத்து இறுக்கம் போதும். தசை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நன்றாக இறுக வேண்டும், லேசாகக் குறுகுறுத்தால் பிரயோஜனம் இல்லை. கரண்ட் இறுக்கும் அதே நேரத்தில் நோயாளியும் தன் முயற்சியால் இறுக்க வேண்டும். அவருக்கே இறுக்க வந்துவிட்ட பிறகு இயந்திரத்தை நிறுத்திவிடலாம். அந்த அம்மாவுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் தேவைப்படவில்லை.

உத்தரவு முழுதாக ஓடுகிறதா என்பதை அறியச் சுலபமான வழி இருக்கிறது. படுத்தபடி காலை நீட்டி ஒரு சாண் உயரம் தூக்கச் சொல்ல வேண்டும். பலம் போதவில்லை என்றால் கால் மேலே வரும், முழங்கால் மட்டும் மடங்கித் தொங்கும். கையால் தாங்கினால் முழுதாக நீளும், தானாக நீட்டச் சொன்னால் கடைசி 10, 15 டிகிரி வராது. அந்தக் கடைசிக் கொஞ்சம் வராதவரை அந்தக் காலை நம்பிக் கைத்தடி இல்லாமல் நடக்க விடுவதில்லை. நடந்தால் முழங்கால் எந்த நேரத்திலும் மடிந்துவிடும். மூன்றாம் வார முடிவில் அவருக்கு அது நேராகிவிட்டது. தொடை அளவோ கால் சென்டிமீட்டர்கூட ஏறவில்லை. மகன் டேப்பைப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளா என்னதான் செஞ்சீங்க?" என்ற பாவனையில் நின்றான். எழுந்திருக்கவே முடியாதவர் இப்போது பிடிமானத்தோடு எழுகிறாரே, அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். முதல் மூன்று நான்கு வாரத்தில் திரும்புகிற பலம் பெரும்பாலும் நரம்பிலிருந்து வருவது. இருக்கிற நார்களில் அதிகம் பேரை அது வேலைக்கு அழைத்துக்கொள்கிறது. சதை அதற்குப் பிறகுதான் ஏறும். கண்ணுக்குத் தெரிய ஆறு, எட்டு வாரம் ஆகும். இந்த இடைவெளியில்தான் பலர் மனம் விட்டுப்போய் எண்ணெய் போட்டு உருவிவிடுகிறவரிடம் போய்விடுகிறார்கள்.

உருவிவிடுவது இதமாக இருக்கும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மடங்காத முழங்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் அழுத்தி மடக்குவதில்தான் ஆபத்து. ஆறு வாரம் சுமை தாங்காத எலும்பும் தசையோடு சேர்ந்து பலம் இழந்திருக்கிறது. கூடிய விரிசல் மறுபடி விலகலாம், மூட்டு மறுபடி நீர் கோக்கும், நீர் கோத்தால் தொடை மறுபடி தூங்கிவிடும். அந்த அம்மாவின் முழங்கால் மடங்கியது குதிகாலைத் தரையில் வழுக்கிக்கொண்டே பின்னால் இழுத்ததால்தான், வாரத்துக்குப் பத்துப் பதினைந்து டிகிரி வீதம்.

நரம்பு வழிக்கு வந்த பிறகு சதை ஏற வேண்டும். சதைக்குத் தேவை பாரம், அதுவும் ஏறிக்கொண்டே போகிற பாரம். எங்கள் துறையில் இதை நிலைநாட்டியவர் தாமஸ் டெலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். சிறுவயதில் வாதக் காய்ச்சலால் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து, பிறகு எடை தூக்கியே உடம்பைத் தேற்றிக்கொண்டவர். இரண்டாம் உலகப் போரில் தொடை எலும்பு முறிந்தும் முழங்கால் அடிபட்டும் சிகாகோ ராணுவ மருத்துவமனைக்கு வந்த சிப்பாய்கள், கட்டுப் பிரித்த பிறகு மாதக்கணக்கில் தேறாமல் கிடந்தார்கள். லேசான எடையை நூற்றுக்கணக்கான தடவை ஆட்டுவதுதான் அன்றைய வழக்கம். டெலார்ம் இரும்புச் செருப்பை மாட்டி, பத்துத் தடவைக்கு மேல் தூக்க முடியாத எடையைக் கட்டித் தூக்கச் சொன்னார். 1945இல் அதை எழுதினார். முதலில் எழுபது முதல் நூறு தடவை வரை தூக்க வைத்தவர், மூன்று வருடம் கழித்து முப்பதே போதும் என்று குறைத்துக்கொண்டார். பத்துத் தடவை மட்டும் தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடி. முதல் பத்து அதில் பாதி எடையோடு, அடுத்த பத்து முக்கால் எடையோடு, கடைசிப் பத்து முழு எடையோடு. பத்து சுலபமாகிவிட்டால் எடையை ஏற்று. எண்பது வருடமாகியும் இதன் அடிப்படை மாறவில்லை. எடையை ஏற்றாமல் எண்ணிக்கையை மட்டும் ஏற்றுவதுதான் இன்றைக்கும் நான் காண்கிற பெரிய தவறு. ஒரு கிலோ மணல் மூட்டையை மூன்று மாதம் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். முதல் வாரத்தில் அது பாரம், இரண்டாம் மாதத்தில் அது வெறும் அசைவு.

ஆனால் சில்லு உடைந்தவருக்கு உட்கார்ந்தபடி கணுக்காலில் எடை கட்டிக் காலை நீட்டுவதை உடனே ஆரம்பிக்க முடியாது. தொடைத் தசை முழு விசையோடு இழுப்பது அந்தச் சில்லைத்தான். அடிபட்ட நாளிலிருந்து மூன்று மாதம் முடிந்து, எக்ஸ்ரே பார்த்து எலும்பு மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் அது. அதுவரை அந்த அம்மாவுக்கு நாற்காலியே பயிற்சிக் கூடம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து, மூன்று எண்ணும்வரை மெதுவாக உட்கார வேண்டும். முழங்கால் எவ்வளவு ஆழமாக மடங்குகிறதோ அவ்வளவு அழுத்தம் சில்லின் மேல் ஏறும். அதனால் நாற்காலியில் இரண்டு கெட்டித் தலையணை போட்டு உயர்த்தி ஆரம்பித்தோம். எட்டுத் தடவை, மூன்று முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பன்னிரண்டு தடவை சிரமமில்லாமல் வந்ததும் ஒரு தலையணையை எடுத்துவிடுவது. அதுவும் வந்ததும் அடுத்தது. வெறும் நாற்காலிக்கு வந்த பிறகு மடியில் ஐந்து கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொண்டு எழுவது.

இந்தப் பயிற்சியில் ஒரு ஏமாற்று உண்டு. நோயாளி தெரிந்து செய்வதில்லை. உடம்பு முழுப் பாரத்தையும் நல்ல காலுக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிடும். பார்க்கிறவருக்கு அருமையாக எழுந்த மாதிரியே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க உடல் எடை பார்க்கும் இயந்திரங்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பாதத்தை வைத்து எழச் சொல்வேன். அந்த அம்மா நின்ற நிலையில் நல்ல காலில் 32, இந்தக் காலில் 20. எழுகிற அந்தக் கணத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தால், இந்தப் பக்கம் 13ஐத் தாண்டவில்லை. அவருக்கே ஆச்சரியம். "ரெண்டு காலும் சமமாத்தானே ஊனுறேன்?" என்று குனிந்து பார்த்தார். அதன் பிறகு முள்ளைப் பார்த்துக்கொண்டே எழப் பழகினார். நல்ல காலைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தால் பாரம் தானாக இந்தக் காலுக்கு வரும், அதையும் சேர்த்துக்கொண்டோம். போகப்போக நிற்கும்போது 24 வரை வந்தது, எழும்போது 20ஐத் தொட்டது.

எவ்வளவு செய்தால் அதிகம் என்பதை மறுநாள் காலை சொல்லிவிடும். தொடைச் சதை வலிப்பது நல்லதுதான், இரண்டு நாளில் போய்விடும். முழங்கால் மூட்டு சூடாக இருந்தாலோ, உள்பக்கப் பள்ளம் நிறைந்திருந்தாலோ, நேற்று மடங்கிய அளவு இன்று மடங்காவிட்டாலோ பாரம் அதிகமாகிவிட்டது. அன்றைக்கு ஓய்வு, அடுத்த முறை பாதி. பத்துக்கு மூன்று, நான்கு என்று சொல்லக்கூடிய வலி பயிற்சியின்போது வந்து, இரவுக்குள் அடங்கினால் தொடரலாம். இவை எதிலும் சேராத இரண்டு அறிகுறிகளை வீட்டாரிடம் அழுத்திச் சொல்வேன். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அது ரத்தக் குழாயில் ரத்த உறைவாக இருக்கலாம். அந்தக் காலை நீவவோ பயிற்சி செய்யவோ கூடாது, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கால் பளபளப்பாகி, லேசாகத் தொட்டாலே நெருப்பாக எரிந்து, வியர்த்துக்கொண்டே இருந்தாலும் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோது, "ஆட்டுக்கால் சூப்பு தினமும் குடுக்கிறோம் சார்" என்றார் மருமகள் பெருமையாக. நம் வீடுகளில் எலும்பு முறிந்தால் முதலில் அடுப்பேறுவது அதுதான். அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். வாய்க்கு இதம், பசியைத் தூண்டும். ஆனால் அந்தச் சாற்றில் இருப்பது பெரும்பாலும் பசைப் புரதம். தசை கட்டத் தேவையான முக்கியமான பொருள்கள் அதில் போதாது. சூப்புக் கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் மற்றதை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை. நாள் முழுவதும் அந்த அம்மா சாப்பிட்டதைக் கேட்டு எழுதினேன். இட்லி, ரசஞ்சோறு, சூப், டீ, இரவும் சோறு. மொத்தப் புரதம் 35 கிராம் தேறினால் அதிகம். முட்டை சூடு என்று நிறுத்தியிருந்தார்கள், மீன் புண்ணைக் கிளறும் என்று நிறுத்தியிருந்தார்கள், புண்ணே இல்லாதவருக்கு!

படுக்கையிலிருந்து தேறுகிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். அவருக்குக் குறைந்தது 62 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் கூட்டக் கூடாது. காலையில் இட்லியோடு இரண்டு முட்டை சேர்த்தால் 12 கிராம் கூடுகிறது. மதியம் ரசத்துக்குப் பதில் கெட்டியான பருப்பும் தயிரும், வாரத்தில் மூன்று நாள் உள்ளங்கையளவு மீனோ கோழியோ. சாயங்காலம் டீயோடு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று நான்கு வேளைக்குப் பிரித்துக் கொடுப்பது நல்லது. பவுடர் டப்பா எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. அவர்கள் பலசரக்குக் கடையில் வாங்குகிற சாமான்களிலேயே எல்லாம் இருந்தது.

வயதானவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நிமோனியாவோ டெங்குவோ வந்து படுத்த எழுபது வயதுக்காரருக்கு எலும்பு எதுவும் உடையவில்லை, ஆனால் இரண்டு கால்களும் சேர்ந்து மெலிகின்றன. நோயே இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்துப் பார்த்ததில், கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போயிருந்தது. நோயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வயதான தசை புரதத்துக்கும் பாரத்துக்கும் மந்தமாகத்தான் இசைந்து கொடுக்கும், ஆனால் இசையும். அவர்களுக்கும் அதே நாற்காலிதான். முதல் நாள் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் உட்கார வைத்து, தலை சுற்றவில்லை என்று பார்த்த பிறகுதான் நிற்க வைக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் இருந்தவர்களுக்கு நரம்புகளே பாதிக்கப்பட்டிருக்கலாம். அவர்களுடைய வேகம் வேறு, அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஐந்தாவது வாரத்தில் அந்த அம்மா வருவதை நிறுத்திக்கொண்டார். நன்றாக நடக்கிறார், முழங்கால் 110 டிகிரி மடங்குகிறது, இன்னும் எதற்குப் பஸ் காசு? பெரும்பாலானவர்கள் நிற்கிற இடம் இதுதான். சமதரையில் நடக்கத் தொடைக்கு அதிகப் பலம் வேண்டியதில்லை. முழங்காலை நீட்டிப் பூட்டிக்கொண்டால் எலும்பின் மேலேயே நின்று நடந்துவிடலாம். தொடையின் உண்மையான நிலைமை தெரிவது இறங்கும்போது. படி இறங்குகையில் மேலே இருக்கிற கால் மடங்கிக்கொண்டே முழு உடம்பையும் தாங்கி மெதுவாக விட வேண்டும். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார். அரசுப் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முழங்கால் சட்டென்று மடிந்து, கம்பியைப் பிடித்ததால் விழாமல் தப்பியிருக்கிறார். நம் பஸ்களின் கீழ்ப்படி வீட்டுப் படியைப்போல இரண்டு மடங்கு உயரம். அதில் நல்ல காலை முதலில் கீழே வைத்திருக்கிறார். அப்படியென்றால் முழுப் பாரமும் பலமில்லாத காலில்தான் இறங்கும்.

அடிபட்டு மூன்று மாதம் தாண்டிவிட்டது. மறுபடி எக்ஸ்ரே எடுத்து, எடை கட்டலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். டெலார்ம் கணக்கை எடுத்துக்கொண்டோம். பழைய ஜீன்ஸ் காலை வெட்டி அரைக் கிலோ, ஒரு கிலோ மணல் பைகளாக மருமகளே தைத்துவிட்டார். மளிகைக் கடைத் தராசில் எடை போட்டார்கள். மேசை மேல் உட்கார்ந்து காலை நீட்டுவதில் நல்ல கால் 10 கிலோவைப் பத்துத் தடவை தூக்கியது. இந்தக் கால் நான்கு கிலோவோடு நின்றுவிட்டது. நன்றாக நடக்கிற ஒருவருக்கு ஒரு காலில் பாதிப் பலம்கூட இல்லை. அதைக் கண்ணால் பார்த்த பிறகு அவர் ஒரு நாளும் தவறவில்லை.

இரண்டு கிலோவோடு பத்து, மூன்று கிலோவோடு பத்து, நான்கு கிலோவோடு பத்து. வாரத்தில் மூன்று நாள். கடைசிப் பத்தில் எட்டாவது தடவையில் தொடை நடுங்க வேண்டும். நடுங்காவிட்டால் அரைக் கிலோ கூடும். நீட்டும்போது ஒரு விநாடி நிறுத்தி, இறக்கும்போது மூன்று எண்ணி இறக்க வேண்டும். படி இறங்குவதற்கான பலம் அந்த இறக்கத்தில்தான் வளரும். கூடவே வீட்டு வாசற்படியில் இந்தக் காலால் நின்று, நல்ல காலின் குதியைத் தரையில் லேசாகத் தொட்டு எடுப்பது. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தாலோ முழங்கால் உள்ளே வளைந்தாலோ அந்தத் தடவை கணக்கில் சேராது. படியின் உயரம் அதிகமென்றால் இரண்டு செங்கல்லைத் தரையில் வைத்து அதைத் தொட்டால் போதும்.

கட்டுப் பிரித்து ஐந்து மாதம் ஆனபோது இந்தக் கால் எட்டரை கிலோ தூக்கியது. நல்ல காலில் 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் வயலுக்கு அனுப்பலாம் என்பது நான் வைத்திருக்கும் எல்லை. தொடை அளவில் இன்னும் ஒரு சென்டிமீட்டர் குறைவாகவே இருந்தது. அது முழுதாகச் சமமாகாமலும் போகலாம், அதனால் வேலைக்குத் தடை இல்லை. முழங்கால் போட்டு உட்கார்ந்தால் சில்லில் வலி இருக்கத்தான் செய்தது. சாக்கை மடித்துப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். குத்தவைத்து உட்கார்வது முழுதாக வந்தது, ஆனால் நடவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் நிமிர்ந்து நின்றுகொள்ள வேண்டியிருந்தது. எடைப் பயிற்சியை வாரம் இரண்டு நாளாகக் குறைத்துக்கொண்டு, இரண்டு காலும் ஒரே எடைக்கு வரும்வரை தொடரச் சொல்லி அனுப்பினேன். பஸ்ஸில் இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்று வாசலில் நின்று கேட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூட்டமில்லாத நேரத்தில், நல்ல காலையே முதலில் கீழே வையுங்கள் என்றேன். மேலே நிற்கிற கால் இப்போது தாங்கும், அதற்கும் அந்தப் பழக்கம் வேண்டும்.